இரவு இரண்டரை மணிக்குத் தட்டுகிற எண்

வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா, ரவுட்டர் வேலை செய்கிற எங்களிடம் அடிக்கடி வந்து சேரும் சிக்கல் ஒன்று உண்டு. அதை ஒரு மளிகைக் கடைக்காரரின் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். அவர் ஒருவர் அல்லர். இந்த நிலையில் இருக்கிற பலருக்கும் பொதுவான ஒரு மாதிரி. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்குத்தான் ஷட்டரை இறக்குகிறார். வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்தபடியே போனில் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாசலிலும் கூடத்திலும் கேமரா போட்டு, படத்தைச் சேமிக்க ஒரு ரெகார்டரும் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு நாள் பழைய பதிவு ஒன்றைத் தேடப்போய், ரெகார்டரின் Log பக்கத்தைத் திறந்துவிடுகிறார். உள்ளே நுழைய முயன்று தோற்ற வரிகள் ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதிவாகியிருக்கின்றன. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. அந்த எண் எந்த நாட்டுடையது என்று தேடினால், அவர் பெயரளவில் மட்டுமே அறிந்த ஏதோ ஒரு தேசம். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. யார் இவன், என் வீட்டை ஏன் பார்க்கிறான் என்ற இரண்டு கேள்விகள்தான் மனத்தில் ஓடும். அந்த இரண்டுமே தவறான கேள்விகள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வெளியூர்க்காரன் ஒருவனின் கை தன் வீட்டு ரெகார்டர் வரைக்கும் எப்படி எட்டியது என்பதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை தொலைதூரத்தில் இல்லை, அவர் வீட்டு ரவுட்டரில் இருக்கிறது.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம். கீழே உள்ள ஐபி எண் எந்த உண்மையான கணினிக்கும் உரியதல்ல, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. மற்றபடி வரிகள் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

```
02:33:11  Illegal Login  admin   203.0.113.45
02:33:13  Illegal Login  admin   203.0.113.45
02:33:15  Illegal Login  root    203.0.113.45
02:33:17  Illegal Login  888888  203.0.113.45
02:33:19  Illegal Login  666666  203.0.113.45
```

இந்த ஐந்து வரிகளை நிதானமாகப் படித்தாலே பாதிப் பயம் விலகிவிடும். முயற்சிகளுக்கு இடையே சரியாக இரண்டு இரண்டு விநாடிகள். மனிதக் கை இவ்வளவு சீராகத் தட்டச்சு செய்யாது, இது நிரலின் வேலை. அதைவிட முக்கியமான சாட்சி பயனர் பெயர்கள். கடைக்காரரின் ரெகார்டரில் இருப்பவை இரண்டே கணக்குகள்: admin ஒன்று, மகன் பெயரில் ஒன்று. வந்தவரோ root என்றும், 888888 என்றும், 666666 என்றும் கேட்டுப் பார்க்கிறார். இந்தக் கடைசி இரண்டும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பழைய ரெகார்டர்களில் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்பட்ட பெயர்கள். ஆக, தட்டுகிறவருக்கு இது யார் வீடு என்று தெரியாது, உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதுகூடத் தெரியாது. கடைக்காரரை அறிந்த ஒருவர் என்றால் கடையின் பெயரையோ, மகனின் பெயரையோ முயன்றிருப்பார். எல்லா வீட்டிலும் ஒரே சாவிக்கொத்தைப் போட்டுப் பார்க்கிற நிரல்தான் இங்கேயும் வந்துபோகிறது.

அப்படியானால் ஏன் ஒவ்வோர் இரவும், அதுவும் நாம் அயர்ந்து தூங்குகிற இரண்டரை மணிக்கு? நேரத்தைப் பார்த்து, ஆள் தூங்கும்வரை காத்திருந்து வருகிறான் என்று முடிவு கட்டுவது இயல்பு. ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை நம் நேரத்தில் ஓடுவதில்லை. உலகப் பொது நேரமான யூடிசி கணக்கில்தான் ஓடுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அந்த அரை மணியால், அங்கே முழு மணிக்குத் தொடங்கும் எந்த வேலையும் இங்கே அரை மணிக்குத்தான் வந்து விழும். நம் இரண்டரை என்பது யூடிசியில் முந்தைய நாள் இரவு 9 மணி. தினமும் 9 மணிக்கு ஓட்டு என்று யாரோ ஒரு முறை எழுதிவைத்த கட்டளை, தன் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்து மூன்று நிமிடம் கழித்து நம் கடைக்காரரின் எண்ணைத் தொடுகிறது. இதைச் சான்றாகக் கொள்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரெகார்டரின் கடிகாரமும் நேர மண்டலமும் சரியாக இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து கடிகாரத்தையே தொடாத பெட்டிகள் ஏராளம். அவற்றின் லாக்கில் காணும் இரவு உண்மையில் நண்பகலாகவும் இருக்கலாம். எனவே முதலில் கடிகாரத்தைப் போனின் நேரத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பட்டியல் என்றேனே, அதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி எண்கள்தான் உண்டு. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, நல்ல வேகமுள்ள இணைப்பு இருந்தால் ஒரே கணினியைக் கொண்டு அத்தனை எண்களிலும் ஒரு போர்ட்டை முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டியது. ஆகவே கடைக்காரரின் எண்ணை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரையும் தட்டியபோது அவர் எண்ணும் தட்டப்பட்டது, அவ்வளவே. ஆனால் பதில் சொல்லாத எண்களை அந்த நிரல் மறந்துவிடும். இங்கே ஒரு ரெகார்டர் இருக்கிறது என்று பதில் சொன்ன எண்ணைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். முதல் இரவு வந்தது தற்செயல். இரண்டாம் இரவிலிருந்து வருவதற்குக் காரணம், முதல் இரவில் இங்கிருந்து கிடைத்த பதில். தினமும் வருகிறான் என்பதைக் கடைக்காரர் பகைமையின் அடையாளமாகப் படிக்கிறார். அது உண்மையில் தன் பெட்டி தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல வீட்டு இணைப்புகளில் ரவுட்டரை அணைத்துப் போட்டால் வெளி எண் மாறிவிடும். ரவுட்டரின் WAN அல்லது Status பக்கத்தில் எண் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, இரண்டு மூன்று இரவுகள் லாக்கைப் பார்க்கலாம். பழைய ஆள் வரவில்லை என்றால் அவர் தேடியது எண்ணைத்தான், கடைக்காரரை அல்ல. அதே எண்ணிலிருந்து அன்றிரவே மறுபடி தட்டல் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண் மாறினாலும் வீட்டைக் கண்டுபிடிக்க உதவும் டிடிஎன்எஸ் பெயர் ஒன்றை கேமரா போட்டவர் அமைத்திருக்கக்கூடும், அந்தப் பெயர் தெரிந்த ஒருவர் பின்தொடர்கிறார் என்று பொருள் வரலாம். மாதக் கட்டணம் கொடுத்து நிலையான எண் வாங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சோதனை பயன்படாது. எண் மாறும் வீடுகளிலும் இது ஆளை அடையாளம் காண உதவுமே தவிர, தீர்வாகாது. சில நாட்களில் புது எண்ணையும் வேறு யாராவது தட்டிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

சரி, அந்தத் தூரத்து எண்ணின் சொந்தக்காரர்தான் யார்? whois என்ற பொதுப் பதிவேட்டில் தேடினால் ஒரு நிறுவனத்தின் பெயரும் நாடும் வரும். பெரும்பாலும் அது சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனமாக இருக்கும். வாடகைக்கு எடுத்தவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் இருக்காது. ஷோடான், சென்சிஸ், ஷேடோசர்வர் போன்ற அமைப்புகளும் இணையம் முழுவதையும் தொடர்ந்து தட்டிப் பார்க்கின்றன. ஆனால் திறந்திருக்கிறதா, என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும், பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பது அவற்றின் வழக்கமல்ல. எனவே Illegal Login வரிகள் இருந்தால் ஆராய்ச்சி என்று ஆறுதல் கொள்ள முடியாது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. அந்த எண், தொலைவில் இருக்கிற இன்னொரு கடைக்காரரின் வீட்டு ரெகார்டராகவே இருக்கலாம். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் இயங்கியது. தொழிற்சாலை பாஸ்வேர்டுகள் அறுபத்துச் சொச்சத்தை வைத்துக்கொண்டு கேமரா, ரெகார்டர், ரவுட்டர்களுக்குள் நுழைந்தது. பிடிபட்ட ஒவ்வொரு பெட்டியும் அந்தக் கணமே அடுத்த பெட்டியைத் தட்டத் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, பல தளங்களுக்கு டிஎன்எஸ் சேவை தந்த டைன் என்ற நிறுவனத்தின் மீது இத்தகைய பெட்டிகளின் படை பாய்ந்ததில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. மிராயை எழுதிய குற்றத்தை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்ட மூவரும் அமெரிக்க இளைஞர்கள். அவர்கள் பெயரால் தட்டிய கேமராக்களோ உலகெங்கும் பரவிக் கிடந்தன. எண்ணின் நாட்டை வைத்து ஆளை நினைத்துக்கொள்வது எவ்வளவு பயனற்றது என்பதற்கு இந்த வழக்கே போதும்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்பலாம். சாதாரணமாக ஒரு ரவுட்டர், உள்ளிருந்து கேட்டதற்கு வருகிற பதிலை மட்டும் உள்ளே விடும். வெளியிலிருந்து தானாக வருவதை விடாது. பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் WAN எண் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அந்த ஏற்பாடுதான். அங்கே வெளியிலிருந்து ஐபிவி4 வழியாகத் தட்டவே முடியாது. ஆக, ரெகார்டரின் லாக்கில் ஒரு வெளிநாட்டு எண் பதிவாகியிருக்கிறது என்பதே, யாரோ பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு நேரடிச் சான்று. பாதை பெரும்பாலும் இரண்டு விதமாக வந்திருக்கும். ஒன்று, போனில் படம் தெரிய வேண்டும் என்று கேமரா போட்டவர் ரவுட்டரின் Port Forwarding அல்லது Virtual Server பக்கத்தில் 80, 554, 8000 போன்ற போர்ட்டுகளை ரெகார்டருக்குத் திருப்பிவிட்டிருப்பார். மற்றொன்று UPnP. இது இயங்கினால், ரெகார்டரே ரவுட்டரிடம் கேட்டுப் பாதையைத் திறந்துகொள்ளும், வீட்டில் யாருக்கும் தெரியாது. இதோடு நம் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஊரில் போட்ட எல்லா ரெகார்டருக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் அது தெரிந்தால் அத்தனை வீடும் திறந்த மாதிரிதான்.

இவ்வளவு எதற்கு, அந்த எண்ணைத் தடுத்துவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். பல ரெகார்டர்களில் அதற்கு வசதி இருக்கிறது. தடுத்த அன்று இரவே லாக் அமைதியாகிவிடும், கடைக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு அந்த நிம்மதியின் மேல்தான் அச்சம். போர்ட் திறந்தபடியே இருக்கிறது, பதில் போய்க்கொண்டே இருக்கிறது, கணக்கற்ற எண்களில் ஒன்றை மட்டும் விலக்கியிருக்கிறோம். நாலைந்து முறை தவறினால் ரெகார்டர் அரை மணி நேரம் பூட்டிக்கொள்கிறதே என்றும் சொல்வார்கள். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஓர் இரவுக்கு ஐந்து முயற்சி என்று வைத்தாலும், 62 பாஸ்வேர்டு கொண்ட பட்டியலை முடிக்கப் பதின்மூன்று இரவுகள் போதும். தினமும் கொஞ்சமாக வந்துபோகிற நிரலுக்குப் பதின்மூன்று இரவு என்பது ஒரு பொருட்டே அல்ல.

அடுத்த வாதம் இதைவிட வலுவானது. நீளமான, யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வைத்துவிட்டால் ஆயிரம் பேர் தட்டினாலும் என்ன என்பார்கள். பாஸ்வேர்டு வலுவாக இருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டுவிடும் ஓட்டைகள் இந்தப் பெட்டிகளின் மென்பொருளில் திரும்பத் திரும்ப வெளிவந்திருக்கின்றன. ஹிக்விஷன் நிறுவனத்தின் கேமராக்களில் 2017-இல் பதிவான CVE-2017-7921 என்ற ஓட்டை, உள்நுழையாமலேயே பயனர் பட்டியலையும் கேமராப் படத்தையும் எடுக்க விட்டது. 2021 செப்டம்பரில் வெளிவந்த CVE-2021-36260 அதைவிட மோசம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமலேயே பெட்டிக்குள் கட்டளை ஓட்ட முடிந்தது. நிறுவனம் இரண்டுக்கும் திருத்தம் வெளியிட்டது. ஆனால் சுவரில் மாட்டிய நாள் முதல் மென்பொருளே புதுப்பிக்காத பெட்டிக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்? இந்த வழியாக நுழைகிறவர் பாஸ்வேர்டு போட்டுத் தோற்பதில்லை என்பதால், லாக்கில் Illegal Login வரி விழாது. கடைக்காரர் பார்த்துப் பயந்தது தோற்றுப்போன ஆளை. ஜெயித்த ஆள் அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார். அதனால்தான் தட்டலை நிறுத்துவது குறிக்கோள் ஆகாது, வெளியிலிருந்து எட்டுகிற பாதையை எடுப்பதுதான் குறிக்கோள் என்கிறேன்.

பாதையை எடுப்பது அரை மணி நேர வேலை. முதலில் ரெகார்டரின் லாக்கைப் பென்டிரைவில் எடுத்துவைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ரெகார்டருக்குப் போகும் Port Forwarding வரிகளை நீக்க வேண்டும். DMZ என்ற இடத்தில் ரெகார்டரின் எண் இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். UPnP-ஐ ரவுட்டரிலும் ரெகார்டரிலும் அணைத்து, இரண்டையும் ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததா என்பதை வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதித்தால் தவறான விடை வரக்கூடும். போனின் மொபைல் டேட்டாவை மட்டும் லேப்டாப்புக்குக் கொடுத்து, வீட்டின் வெளி எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

```
nmap -Pn -p 23,80,554,8000 203.0.113.45
```

இந்தக் கட்டளையில் கடைசியில் உள்ளது அதே எடுத்துக்காட்டு எண்தான், அதற்குப் பதில் உங்கள் வீட்டு எண் வர வேண்டும். எல்லா வரியிலும் filtered அல்லது closed என்று வந்தால் இந்தப் பாதைகள் அடைபட்டுவிட்டன. ரவுட்டரில் வேறு போர்ட் எண் திருப்பியிருந்தால் அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். எங்காவது open என்று வந்தால் அது ரெகார்டரா, ரவுட்டரின் சொந்தப் பக்கமா என்று பார்த்து அதையும் மூட வேண்டும். போர்ட்டை மூடாமல் 8000-ஐ 48000 என்று மாற்றிவைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தட்டல் குறையும், நிற்காது. எல்லா எண்களையும் தட்ட முடிகிறவர்களுக்கு வேறு போர்ட்டுகளைத் தட்டுவது கூடுதல் நேரம் மட்டுமே.

கடைக்காரருக்கு இதில் ஒரே ஒரு நியாயமான மனக்குறை உண்டு. கதவை அடைத்துவிட்டீர்கள், நான் அம்மாவை எப்படிப் பார்ப்பேன் என்பார். அம்மாவைப் பார்க்கத்தானே கேமராவே. ரவுட்டரில் வயர்கார்டு போன்ற விபிஎன் வசதி இருந்தால் அதுதான் முதல் தேர்வு. சாவி உள்ள அவருடைய போன் மட்டுமே வீட்டு வலைக்குள் வரும், சாவி இல்லாதவர்களுக்கு அது பதிலே சொல்லாது. அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், கேமரா நிறுவனத்தின் சொந்த ஆப் வழியாகப் பார்க்கலாம். அதில் ரெகார்டர்தான் வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொள்கிறது, எனவே போர்ட் எதையும் திறந்துவைக்கத் தேவையில்லை. இதிலும் குறை இல்லாமல் இல்லை. மலிவான கேமராக்கள் பலவற்றில் இருந்த இத்தகைய பி2பி இணைப்பு முறை ஒன்றில் 2019-இல் பெரிய ஓட்டைகள் வெளியாயின, லட்சக்கணக்கான கருவிகள் அதில் மாட்டின. இது நிறுவனத்தை நம்பி நடப்பதுதான். ஆனாலும் ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டு, பெயர் தெரிந்த, மென்பொருள் புதுப்பிப்பு தொடர்ந்து வருகிற நிறுவனத்தின் ஆப்பைப் பயன்படுத்துவது, உலகம் முழுவதற்கும் பதில் சொல்கிற போர்ட்டைத் திறந்துவைப்பதை விட மேல்.

புகார் கொடுக்க வேண்டாமா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தோற்ற முயற்சிகள் மட்டுமே இருந்தால் பாதையை மூடுவதே போதுமான செயல். லாக்கில் வெளி எண்ணிலிருந்து வெற்றிகரமான நுழைவு வரி இருந்தாலோ, யாரும் உருவாக்காத பயனர் கணக்கு தெரிந்தாலோ, லாக் அழிக்கப்பட்டு வெறுமையாக இருந்தாலோ கதை வேறு. அப்போது ரெகார்டரின் இணைய வயரை உடனே பிடுங்கி, லாக்கைச் சேமித்து, cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகுதான் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, புது பாஸ்வேர்டு வைத்து, பாதை மூடிய ரவுட்டரில் இணைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். மிராய் போன்றவை நினைவகத்தில் மட்டும் தங்குபவை, அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். போர்ட் திறந்திருந்தால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும்.

கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். லாக்கில் இருக்கும் வெளிநாட்டு எண்ணைத் தேடுவதற்கு முன், உங்கள் ரவுட்டரின் Port Forwarding பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே ரெகார்டரின் பெயரில் வரி இருந்தால், கேமரா போட்டவரை அழைத்து அதை நீக்கச் சொல்லுங்கள். படம் வராது என்று அவர் சொன்னால், வேறு வழியில் வர வைப்பதும் அவர் வேலைதான் என்று சொல்லுங்கள்.